டிராஃப்டில் கிடந்த ஐந்து வரி

சிலுவைராஜ் எழுதிய ஈமெயில்களில் மிக முக்கியமானது ஐந்தே வரி. அதை அவர் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் பூவம்மா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாள். சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவரைப் பற்றிக் கேட்பவர்களிடமெல்லாம் அவரும் இதைத்தான் முதலில் சொல்வார்.

ஆள் நல்ல ஆள். சோம்பேறி இல்லை, பொய் பேசுகிறவர் இல்லை. ஐம்பத்தாறு வயதில், சாங்கி பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். காலை ஆறரைக்கு ஆங் மோ கியோவில் பஸ் ஏறினால் ஏழே முக்காலுக்குக் கிடங்கின் கதவுகளைத் திறந்துவிடுவார். பதினாறு வருடம் ஒரே கிடங்கு. எந்த மூலையில் எந்தப் பெட்டி கிடக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

அவருக்குப் பயம் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஈமெயில்.

பயத்துக்குக் காரணம் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஐம்பதுகளில் அவர் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்று குடும்பங்கள் ஒரே மாடியைப் பங்கு போட்டுக்கொண்ட வீடு. கீழே மாவு மில். படிக்க உட்கார்ந்தால் புத்தகத்தில் மிளகாய்ப் பொடி படியும். ஆங்கிலம் என்று வாரத்துக்கு இரண்டு பாடவேளை இருந்தது. அதிலும் பாதி நாள் வாத்தியார் வரமாட்டார். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அறுபத்திரண்டில், பதினாறு வயதில், வெள்ளைக்காரன் ராணுவ முகாமில் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். ஆங்கிலம் அங்கேதான் வந்தது, காது வழியாக.

"ஆல்வேஸ் ஐ ஆம் லாக்கிங், சார்" என்பார். சார்ஜெண்டுக்குப் புரியும். பூட்டு பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு "குட் மேன்" என்று போய்விடுவான். பூட்டு இருக்கிறதா என்பதுதான் அவனுக்குக் கவலை. ஆல்வேஸ் எங்கே நிற்கிறது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்பது வருடம் அந்த ஆங்கிலத்தோடு சிலுவைராஜ் ஒரு ராணுவத்தின் செருப்பையும் கூடாரத்தையும் கணக்காகக் கொடுத்து வாங்கினார். முகாமை மூடிவிட்டு வெள்ளைக்காரன் போனபோது, நற்சான்றிதழ் ஒன்று கொடுத்துவிட்டுப் போனான். அதை அவர் மனைவி பிரிஜட் கண்ணாடி போட்டு மாட்டினாள். ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோவிலில் திருமணம் ஆன படத்துக்குப் பக்கத்தில் அது இன்றைக்கும் தொங்குகிறது.

அப்புறம் முப்பது வருடம் வாயால் சொல்லியே வேலை நடந்தது. இரண்டாயிரத்து ஒன்றில் கிடங்குக்குப் புது மேனேஜர் வந்தார். பெயர் குவெக். வந்த முதல் வாரமே, இனி எல்லா விஷயமும் ஈமெயிலில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாயால் சொன்னது சொன்னதே ஆகாது. சிலுவைராஜுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள், கிடங்கு அலுவலகத்தின் கடைசி மேசையில்.

முதல் ஈமெயிலை அவர் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினார். கதவுகளைப் பற்றியது. "ஆல்வேஸ் ஐ ஆம் செக்கிங் தி டோர்ஸ். ஆல்சோ ஐ ஆம் லாக்கிங். நெவர் ஐ லெஃப்ட் ஓப்பன்." எழுதி முடித்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினார். அது மேனேஜருக்கு மட்டும் போகவில்லை. அலுவலகத்தில் இருக்கிற இருபத்திரண்டு பேருக்கும் போய்விட்டது.

மறுநாள் காலையில் தேநீர் மேசையில் ஒருவன் "ஆல்வேஸ் ஐ ஆம் டிரிங்கிங்" என்றான். இன்னொருவன் "நெவர் ஐ பேய்ட்" என்றான். சீனர்கள் சிரித்தார்கள், மலாய்க்காரர்கள் சிரித்தார்கள். அதெல்லாம்கூட அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அவருக்கு அடுத்த மேசையில் பரமசிவம் என்று ஒரு பையன், அலுவலகக் கிளார்க், இருபத்தெட்டு வயது. தமிழ்ப் பையன். அவன் அந்த வரியைச் சிலுவைராஜின் குரலிலேயே, தலையை ஆட்டி, கையை உயர்த்திச் சொல்லிக் காட்டினான். அதற்குத்தான் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மேனேஜர் குவெக்கின் ஈமெயில்களும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. "யூ ஆல் மஸ்ட் ஆல்சோ நெவர் ஃபர்கெட் ஆல்வேஸ்" என்று அந்த ஆள் ஒருமுறை எழுதியிருந்தார். அதைப் படித்து யாரும் சிரிக்கவில்லை. சம்பளத்தில் கையெழுத்துப் போடுகிறவனின் ஆங்கிலம் யார் காதிலும் தப்பாக விழுவதில்லை.

சிலுவைராஜின் மகள் ஆனி கிளமெண்டியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் ஈமெயில்தான் அவள் வேலை. விஷயம் தெரிந்ததும் அவள் கோபப்பட்டது பரமசிவத்தின்மேல். ஆனால் உட்கார்த்தி வைத்தது அப்பாவை.

"அப்பா, இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஐ, அதுக்கப்புறம் ஆல்வேஸ், அதுக்கப்புறம் என்ன செய்றீங்களோ அது. ஐ ஆல்வேஸ் லாக். ஐ நெவர் லீவ். ஐ ஆல்சோ செக். செய்ற வேலைக்கு முன்னாடி வந்து நிக்கணும், அவ்வளவுதான்."

"எப்பவும் முன்னாடியா?"

"ஆம், இஸ், ஆர் வந்தா மட்டும் பின்னாடி. தி டோர் இஸ் ஆல்வேஸ் லாக்ட். ஹேவ் வந்தா ரெண்டுக்கும் நடுவுல. ஐ ஹேவ் நெவர் லெஃப்ட் இட் ஓப்பன்."

"நான் நெவரை முதல்ல போட்டேனே, அது?"

"அப்படிப் போட்டா பின்னால வர்ற எல்லாத்தையும் திருப்பிப் போடணும்பா. அது உங்களுக்கு வேணாம். யாருமே ஆபீஸ்ல அப்படி எழுத மாட்டாங்க."

சிலுவைராஜ் தலையைச் சொறிந்தார். தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. நான் எப்போதும் கதவைப் பூட்டுவேன் என்றாலும், எப்போதும் நான் பூட்டுவேன் என்றாலும், கதவை நான் எப்போதும் பூட்டுவேன் என்றாலும் கதவு பூட்டித்தான் இருக்கும். ஆல்சோ இன்னும் மோசம். தமிழில் அது தனியாக ஒரு சொல்லாகவே நிற்காது. எதன்மேல் வேண்டுமோ அதன் வாலில் ஓர் 'உம்' ஒட்டிக்கொள்ளும். அவரிடமும் சொன்னேன், நானும் சொன்னேன், சொல்லவும் செய்தேன். ஒட்டுகிற இடத்திலேயே கணக்கு முடிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே இறக்குவது என்று அவர் திண்டாடினார்.

அதனால் ஒரு வழக்கம் வந்தது. ஈமெயிலில் எழுத வேண்டியதை அவர் ஒரு காகிதத்தில் எழுதுவார். சாயந்திரம் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃப்ரிட்ஜ் கதவில் வேளாங்கண்ணி மாதா காந்தத்துக்கு அடியில் சொருகுவார். ஆனி வேலை முடிந்து வந்து, சாப்பிடும் முன், சிவப்புப் பேனாவால் சொற்களுக்கு அம்புக்குறி போட்டு இடம் மாற்றுவாள். காலையில் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், இரண்டு விரலால் தட்டி அனுப்புவார். இன்று எழுதினால் நாளைக்குத்தான் போகும். ஒன்றேகால் வருடம் இந்த வழக்கம் மாறவில்லை.

"வாவ், அங்கிள், யுவர் இங்கிலீஷ் இம்ப்ரூவ் ஆல்ரெடி லா" என்று ஒருநாள் குவெக் எல்லார் முன்னாலும் சொன்னார். பரமசிவம் நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது சிலுவைராஜ் தேக்கா மார்க்கெட்டில் இறங்கி ஆட்டுக்கறி வாங்கி வந்தார். அந்தப் பாராட்டு அவருக்கு அவ்வளவு தேவையாக இருந்தது. பாராட்டு கிடைத்த பிறகு ஒரு சொல் இடம் தவறினால்கூடப் பழைய சிரிப்பு திரும்ப வந்துவிடும் என்ற பயம் இரட்டிப்பானது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனிக்கும் தெரியாது.

இனி பூவம்மா. கிடங்கைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாள். அறுபத்து மூன்று வயது. புருஷன் இல்லை, ஒரே மகன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் லாரி ஓட்டுகிறான். மத்தியானத்தில் சிலுவைராஜும் அவளும் மூன்றாம் எண் கதவுக்கு வெளியே, நிழலில், கவிழ்த்த பெட்டிகள்மேல் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். அவளுக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. மேனேஜர் எதிரில் வந்தால் துடைப்பத்தைத் தூக்கி ஒரு சலாம் வைப்பாள், அவ்வளவுதான்.

"ஒங்களுக்கு என்ன ஐயா, கம்ப்யூட்டர்ல எழுதுறீங்க. எனக்கு இந்தத் தொடப்பம்தான் கம்ப்யூட்டர்" என்பாள்.

அந்த மூன்றாம் எண் கதவு மேலிருந்து கீழே உருண்டு இறங்கும் இரும்பு ஷட்டர். லாரி பின்புறமாக நுழைகிற அளவுக்கு அகலம். பிப்ரவரியில் ஒருநாள், முழுசாக ஏற்றிவைத்த ஷட்டர் தானாக ஒரு சாண் கீழே நழுவியது. சிலுவைராஜ் பார்த்தார். குவெக்கிடம் சொன்னார். "ஈமெயில் மீ" என்றார் குவெக். காகிதம், மாதா காந்தம், சிவப்புப் பேனா, மறுநாள் காலை ஈமெயில். ஈமெயில் போன அன்றைக்கே ஷட்டர் கம்பெனி ஆள் வந்தான். எண்ணெய் போட்டான், ஏதோ முடுக்கினான், போய்விட்டான். ஈமெயில் போனால் ஆள் வருவான் என்பது அன்றைக்கே சிலுவைராஜுக்கு நன்றாகத் தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் அந்த ஷட்டரை அவர் நம்பவில்லை. சரக்கு அடுக்குகிற மரப் பேலட்டுகளை ஆள் உயரத்துக்கு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கதவு திறந்திருக்கும்போதெல்லாம் இரண்டு ஓரத்திலும் முட்டுக் கொடுத்து வைத்தார். ஷட்டர் விழுந்தாலும் பேலட்டில் மோதி நின்றுவிடும். லாரி வந்தால் நகர்த்துவார், போனதும் பழையபடி வைப்பார். அவர் வேலையில் இருக்கும் நாளில் இது தவறாது.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. மழை கொட்டித் தீர்த்துவிட்டது. சாயந்திரம் நாலு மணி சுமாருக்கு, லாரி ஒன்று வெளியேறிய கையோடு, அவர் பேலட்டை நகர்த்தி வைக்கப் போகும்போதே ஷட்டர் கடகடவென்று இரண்டு அடி இறங்கி, அந்தரத்தில் தொங்கியது. அடியில் யாரும் இல்லை. பேலட்டுகளை முட்டுக் கொடுத்துவிட்டு நேரே குவெக்கின் அறைக்குப் போனார்.

"சார், டோர் த்ரீ அகெய்ன் கம் டவுன். திஸ் டைம் டூ ஃபீட்."

குவெக் தொலைபேசியில் இருந்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு, "அங்கிள், ஈமெயில் மீ லா. நோ ஈமெயில், நோ வெண்டார். டுமாரோ தே ஒர்க் அண்டில் ஒன்" என்றார். சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும் ஷட்டர் கம்பெனியில் ஆள் இருப்பான், இப்போதே ஈமெயில் போட்டால் காலையில் வரச் சொல்கிறேன் என்று அர்த்தம்.

சிலுவைராஜ் கடைசி மேசையில் உட்கார்ந்தார். காகிதத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டே திரையில் தட்டினார். முதல் வரி சரியாகவே வந்தது. மூன்றாம் எண் ஷட்டர் இன்று இரண்டு அடி இறங்கியது. அடுத்தது, இட் நெவர் ஸ்டேஸ் அப் ஆஃப்டர் ரெயின். நெவர் வேலைக்கு முன்னாடி நின்றது, சரி. மூன்றாவது, ஐ ஆல்வேஸ் புட் பேலட்ஸ் அண்டர் இட். இதுவும் சரி. நாலாவதில் மாட்டிக்கொண்டார். சனிக்கிழமை தனக்குப் பதிலாக வருகிற ஆளிடமும் சொல்லியிருக்கிறேன் என்று எழுத வேண்டும்.

ஐ ஆல்சோ ஹேவ் டோல்ட். இல்லை. ஐ ஹேவ் ஆல்சோ டோல்ட். இருக்கலாம். ஐ ஹேவ் டோல்ட் ஆல்சோ. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டி வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க மூன்றும் தப்பாகவே தெரிந்தன. ஹேவ் வந்தால் நடுவில் என்று ஆனி சொன்னது ஞாபகம் இருந்தது. அது நெவருக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. ஐந்தாவது வரியையும் எழுதினார். ப்ளீஸ் கால் தி வெண்டார்.

ஆனியிடம் கேட்க முடியாது. அவள் அலுவலகத் தோழிகளோடு அன்று காலைதான் பாத்தாம் தீவுக்குக் கப்பல் ஏறியிருந்தாள். ஞாயிறு சாயந்திரம்தான் வருவாள். கைப்பேசியை அடித்துப் பார்த்தார். அணைத்து வைத்திருந்தாள்.

அடுத்த மேசையில் பரமசிவம் இருந்தான். நாலு அடி தூரம். "தம்பி, இதைக் கொஞ்சம் பாரு" என்றால் அரை நிமிட வேலை. சிலுவைராஜ் நாற்காலியைப் பாதி திருப்பினார். அதே நேரம் பரமசிவம் தொலைபேசியில் யாரிடமோ சிரித்துக்கொண்டே, "ஆல்வேஸ் ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யூ லா" என்றான். அவன் அதை இவரைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒன்றேகால் வருடத்தில் அந்த வரி அலுவலகத்தில் எல்லார் வாயிலும் ஊறிப்போய், யாரிடமிருந்து வந்தது என்பதே மறந்துவிட்டது. இவருக்கு மறக்கவில்லை. நாற்காலி பழைய இடத்துக்குத் திரும்பியது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அவர் அந்த ஈமெயிலை டிராஃப்டில் போட்டார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திங்கட்கிழமை காலையில் அனுப்பிக்கொள்ளலாம், பேலட்தான் இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சனிக்கிழமை வேலைக்கு வருகிற ஆளுக்கு மறுபடியும் தொலைபேசி போட்டு, பேலட்டை எடுக்காதே என்று இரண்டு தடவை சொன்னார். போகும் வழியில் பூவம்மாவைப் பார்த்து, "அம்மா, நாளைக்கு மூணாம் நம்பர் பக்கம் போகாதீங்க" என்றார்.

"அப்ப அந்தக் குப்பையை யாரு அள்ளுவா? ஒங்க மேனேஜரா?" என்று அவள் சிரித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவசரமாக ஒரு லாரி வந்தது. பேலட் பற்றாக்குறை. சனிக்கிழமை ஆள், முட்டுக் கொடுத்திருந்ததை எடுத்துச் சரக்கை அடுக்கி அனுப்பிவிட்டான். வேறு கொண்டுவந்து வைக்கலாம் என்று நினைத்தானாம். மூன்று மணிக்கு மறுபடி மழை. கதவு வாசலில் தண்ணீரும் அட்டைத் துண்டுமாகக் கிடந்ததைப் பூவம்மா குனிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். ஷட்டர் முழுசாகக் கீழே வந்துவிட்டது.

சிலுவைராஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டவில்லை. பிரிஜட்டும் கூட வந்தாள். ஜொகூரிலிருந்து மகன் வரும்வரைக்கும் உறவு என்று எழுதிக்கொடுக்க ஆள் இல்லாததால், இவரே கையெழுத்துப் போட்டார். பூவம்மா கண் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மகன் வந்தான், லாரிக்காரனுக்குரிய பெரிய கைகள், என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாயந்திரம் ஆறு மணிக்கு முடிந்துவிட்டது.

ஆனி அதே ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. சனிக்கிழமை காலையில் சட்டையைத் துவைக்கப் போடும்போது பிரிஜட் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, வழக்கம்போல மாதா காந்தத்துக்கு அடியில் சொருகி வைத்திருந்தாள். ஆனி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அதைப் படித்து, பேனாவைத் தேடி எடுத்திருக்கிறாள்.

எட்டு மணிக்கு வந்த சிலுவைராஜ் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனார். காகிதத்தில் ஓர் அம்புக்குறிகூட இல்லை. நாலாவது வரியில், மூன்றில் நடுவில் இருந்ததைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். ஐ ஹேவ் ஆல்சோ டோல்ட். பக்கத்தில் ஆனியின் கையெழுத்து: "இதுதான் கரெக்ட். மத்தது எல்லாமே ரைட். இனிமே நான் வேணாம்பா உங்களுக்கு!"

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃப்ரிட்ஜ் கதவு திறந்தே கிடந்தது. ஆனி ஓடி வந்து "என்னப்பா, என்ன?" என்றாள். பிரிஜட்தான் சொன்னாள். கேட்டு முடித்ததும் ஆனி அந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போனாள், அவர் விடவில்லை.

விசாரணைக்கு அரசாங்க அதிகாரி ஒரு பெண்மணி வந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஷட்டர் மறுபடி இறங்கியது பற்றித் தனக்கு ஈமெயில் எதுவும் வரவில்லை என்றார் குவெக். உண்மைதான், வரவில்லை. வாயால் சொன்னாரா என்று கேட்டதற்கு, ஞாபகம் இல்லை என்றார். கம்ப்யூட்டர் ஆளை வைத்துத் தேடி, சிலுவைராஜின் டிராஃப்டை எடுத்து அச்சடித்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை, நாலு ஐம்பத்திரண்டு.

அந்த அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது.

"மிஸ்டர் சிலுவைராஜ், ஒரே விஷயத்தை ஏன் மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எது சரி என்று தெரியவில்லை, மகள் வந்ததும் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று இருந்தேன் என்று அவர் சொன்னார். தட்டுத் தடுமாறி, ஆல்வேஸும் ஆல்சோவும் முன்னும் பின்னுமாகச் சொன்னார்.

அந்த அம்மாள் கெட்ட மனுஷி இல்லை. "மூன்றுமே எனக்குப் புரிகிறது" என்றார். "எதை அனுப்பியிருந்தாலும் புரிந்திருக்கும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த இரண்டு வாக்கியம் சிலுவைராஜை அடித்த அடி, குவெக் வேலையை விட்டுத் துரத்தியிருந்தால்கூட விழுந்திருக்காது.

வெளியே பரமசிவம் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. டிராஃப்ட் விஷயம் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது.

"அங்கிள், நாலு அடியில நான் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அங்கிள்."

சிலுவைராஜ் அவனை ஏறிட்டுப் பார்த்தார். கோபப்படலாம் என்று பார்த்தார், வரவில்லை. அவன் அப்போதும் சின்னப் பையனாகத்தான் தெரிந்தான்.

"கூப்பிடலாம்னு திரும்பினேன்பா. நீ போன்ல இருந்த" என்றார்.

அவன் போனில் என்ன சொல்லிக்கொண்டிருந்தான் என்பதை அவர் அவனிடம் கடைசிவரைக்கும் சொல்லவில்லை. அவனாக யோசித்துக் கண்டுபிடித்தானா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கப்புறம் அந்த அலுவலகத்தில் ஆல்வேஸ் ஐ ஆம் என்று யாரும் விளையாடவில்லை.

நடந்ததை எழுதி, அந்த வார முடிவுக்குள் ஈமெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். குவெக்குக்கும் நகல். வியாழக்கிழமை சாயந்திரம் ஆனி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, பேப்பர்ல எழுதிக் கொண்டு வாங்க. இன்னைக்கு நான் சீக்கிரம் வந்திடுறேன். பார்த்துத் தர்றேன்."

"வேணாம்மா."

"சின்னத் தப்பு இருந்தாலும் அதைப் பிடிச்சுக்குவாங்கப்பா."

"பிடிச்சுக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு விரலால் தட்டினார். காகிதம் இல்லை. முகாமில் பேசிய ஆங்கிலத்திலேயே எழுதினார், எது எங்கே வந்து விழுந்ததோ அங்கேயே விட்டார். ஆல்வேஸ் ஐ ஆம் புட்டிங் தி பேலட். ஆல்சோ ஐ டோல்ட் மிஸ்டர் குவெக், ஹி வாஸ் ஆன் தி போன். ஃப்ரைடே ஐ ரோட் தி ஈமெயில். நெவர் ஐ சென்ட். ஷி இஸ் டெட் பிகாஸ் நெவர் ஐ சென்ட். திரும்பப் படிக்கவில்லை. அனுப்பினார்.

அனுப்பிவிட்டு எழுந்திருக்கவில்லை. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்ததைப் போல அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு நிமிடத்தில் பதில் வந்தது, குவெக்கிடமிருந்து.

"நோட்டட். தேங்க்ஸ்."

ஒரு சொல்லைக்கூட யாரும் திருத்தவில்லை. அதைப் படித்துவிட்டு சிலுவைராஜ் மூன்றாம் எண் கதவுக்குப் போனார். புது ஷட்டர் போட்டிருந்தார்கள். வெளியே நிழலில் இரண்டு பெட்டிகளும் கவிழ்த்தபடியே கிடந்தன. ஒன்றில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் முதல் முறையாக, வாய்விட்டு அழுதார்.